5 கிலோவாட் இன்வெர்ட்டர், ஒரே ஒரு 100 ஏஎச் பேட்டரி: மோட்டார் போட்டதும் வீடே இருண்டுவிடுகிறது

செந்தில்_திண்டுக்கல்:
வணக்கம். வீட்டில் 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர், 51.2 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் பேட்டரி ஒன்று. கரண்ட் கட் ஆன நேரத்தில் இண்டக்ஷன் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது 1 எச்பி தண்ணீர் மோட்டாரைப் போட்டால் மொத்த வீடும் அணைந்துவிடுகிறது. பேட்டரி 70 சதவீதம் காட்டுகிறது. மோட்டாரை மட்டும் போட்டால் ஓடுகிறது. பொருத்தியவர் பேட்டரி பழுது என்கிறார், விற்றவர் இன்வெர்ட்டர் பழுது என்கிறார். யாரை நம்புவது?

வேல்முருகன்_ஈரோடு:
பேட்டரிதான் பழுது. கணக்கு எளிது. 51.2 வோல்ட்டை 100 ஆம்பால் பெருக்கினால் 5120 வாட். முழு சார்ஜையும் ஒரு மணி நேரத்தில் தரக்கூடிய 1 சி பேட்டரி என்றால் 5 கிலோவாட் முழுவதையும் தர வேண்டும். உங்கள் அடுப்பும் மோட்டாரும் சேர்ந்தாலே மூன்றரை கிலோவாட் தாண்டாது. வாரண்டியில் மாற்றிக் கேளுங்கள்.

மரியதாஸ்:
என் வீட்டில் நாலு 150 ஏஎச் டியூபுலர், அதே 5 கிலோவாட் இன்வெர்ட்டர். மோட்டார், மிக்ஸி, அடுப்பு எல்லாம் ஒன்றாக ஓடும், ஒரு நாளும் அணைந்ததில்லை. லித்தியம் வாங்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? சீக்கிரம் ஏறட்டும் என்று சார்ஜ் கரண்டை 60 ஆம்பில் வேறு வைத்திருக்கிறேன்.

மீனா_பேக்_வேலை:
பேட்டரி பேக் கட்டுவதும் சரிபார்ப்பதும்தான் என் வேலை. செந்தில் அண்ணா, இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம்.

வேல்முருகன் சார் சொன்ன பெருக்கல் சரி. ஆனால் அது ஓட்டத்தின் கணக்கு. இங்கே பிரச்சினை மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது. அடுப்பு 1800, ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாம் 400 என்று வைத்தால் 2200 வாட். இன்வெர்ட்டரில் சுமார் 10 சதவீதம் இழப்பு உண்டு, ஆகவே பேட்டரியிலிருந்து 47 ஆம்ப் போல இழுக்கும். மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகு அதுவும் 1100 வாட் எடுத்தால் 70 ஆம்ப். இதுவரை வம்பில்லை.

ஆனால் ஓடும்போது 6 ஆம்ப் எடுக்கிற மோட்டார் கிளம்பும்போது ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். அது முழுவதும் வாட்டாக மாறாது, இருந்தாலும் சுமார் 4000 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றதோடு சேர்த்தால் 6200. இழப்பையும் கூட்டி 51 வோல்ட்டால் வகுத்தால் 135 ஆம்ப். இன்வெர்ட்டர் சில நொடிகளுக்கு இரு மடங்கு சுமையைத் தாங்கும்படி செய்திருப்பார்கள். பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் பொறுக்காது. அது 100 ஆம்புக்கு வைத்தது என்றால், அதைத் தாண்டிச் சிறிது நேரம் பார்த்துவிட்டு வாசலை மூடிவிடும். எவ்வளவு அதிகமாகத் தாண்டுகிறதோ அவ்வளவு சீக்கிரம் மூடும்.

அடுப்பு இல்லாமல் மோட்டாரை மட்டும் போட்டால் 4400 வாட், அதாவது 96 ஆம்ப். கோட்டுக்குள் நிற்கிறது. அதனால்தான் அது மட்டும் ஓடுகிறது.

வேல்முருகன்_ஈரோடு:
சரி, கிளம்பும் கரண்ட்டை நான் சேர்க்கவில்லைதான். அப்படியென்றால் இன்வெர்ட்டர் செட்டிங்கில் `Max Discharge Current` என்பதை 90 ஆக வைத்தால் வேலை முடிந்ததே?

மீனா_பேக்_வேலை:
கரண்ட் இருக்கும்போது அது நன்றாக வேலை செய்யும். 90 ஆம்புக்கு மேல் தேவைப்பட்டால் மீதியை ஈபி லைனிலிருந்து எடுத்துக்கொள்ளும். கரண்ட் கட் ஆன நேரத்தில் மீதியைத் தர வேறு ஆள் இல்லை. வீடு கேட்பதைக் குறைக்க இன்வெர்ட்டரால் முடியாது, அதுவே அணையும். இங்கே அந்த செட்டிங் காப்பாற்றாது.

அண்ணா, அடுத்த முறை அணையும்போது பிஎம்எஸ் ஆப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். `Discharge Over Current` என்றிருந்தால் நான் சொன்னதுதான். `Cell Under Voltage` என்றிருந்தால் கதை வேறு. ஏதோ ஒரு செல் பலவீனம், அல்லது அந்த 70 சதவீதம் பொய். இந்த வகை லித்தியத்தில் நடுவில் வோல்ட்டேஜ் அதிகம் மாறாது. ஆகவே பல வாரம் முழு சார்ஜ் ஏறாமல் இருந்தால் சதவீதக் கணக்கு மெல்லப் பிசகிவிடும்.

மரியதாஸ் ஐயா, உங்கள் பேட்டரி அணையாததற்குக் காரணம் அதில் வாசலை மூட யாரும் இல்லை என்பதுதான். கேட்டால் கேட்ட கரண்ட்டைக் கொடுத்துவிட்டு வோல்ட்டேஜ் கீழே இறங்கும். அதன் 150 ஏஎச் என்பது 20 மணி நேரம் மெதுவாக, 7.5 ஆம்பில் எடுத்தால் கிடைப்பது. 5 கிலோவாட்டுக்குக் கிட்டத்தட்ட 118 ஆம்ப் போகும்போது அதில் ஏறக்குறைய பாதிதான் கைக்கு வரும். சார்ஜ் 60 ஆம்ப் வேண்டவே வேண்டாம். 15 வையுங்கள், மிஞ்சினால் 30.

மரியதாஸ்:
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றிய தண்ணீரை இப்போது மாதா மாதம் ஊற்றுகிறேன். பேட்டரி தொட்டால் சூடாக இருக்கிறது. வெயில் என்று நினைத்தேன். ஆனால் 15 ஆம்பில் வைத்தால் ராத்திரி கட் ஆனதற்கு மறுநாள் சாயங்காலம் வரை ஏறாதே அம்மா?

மீனா_பேக்_வேலை:
ஆமாம் ஐயா, முழுக்கத் தீர்ந்திருந்தால் 10, 12 மணி நேரம் ஆகும். டியூபுலரின் இயல்பு அது. 60 ஆம்பில் அதிகப்படியானது வாயுவாகவும் சூடாகவும் போகிறது. தண்ணீர் குறைவது அதன் அடையாளம், உள்ளே தகடும் உதிரும்.

செந்தில்_திண்டுக்கல்:
பார்த்தேன். `Discharge Over Current`, 131 ஆம்ப். அந்த நேரத்தில் மிகக் குறைந்த செல் 3.19 வோல்ட். மோட்டாரை முதலில் போட்டு, ஓடத் தொடங்கிய பிறகு அடுப்பை வைத்தால் அணையவில்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் இந்த வரிசை நினைவிருக்காது. இன்னொரு பேட்டரி இணைக்கலாமா? சார்ஜ் கரண்ட் 100 ஆம்பில் இருக்கிறது, அதையும் மாற்றவா?

மீனா_பேக்_வேலை:
3.19 என்றால் செல் நலம், வாரண்டியில் அலைய வேண்டாம். சார்ஜை 50 ஆம்புக்குக் கொண்டுவாருங்கள். லேபிளில் அதிகபட்சம் 100 என்றும் பரிந்துரை 50 என்றும் இரண்டு எண் இருக்கும், நாளாந்த உபயோகத்துக்கு இரண்டாவதுதான். 50 ஆம்ப் என்றாலே இரண்டரை கிலோவாட், பகல் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். அதே மாதிரி இரண்டாவது பேட்டரியை பேரலலாக, இரண்டுக்கும் ஒரே நீள கேபிளில் போட்டால், 135 ஆம்ப் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கு 67 ஆகும். 5 கிலோவாட்டுக்கு 200 ஏஎச்தான் நான் எல்லோருக்கும் சொல்வது.

வேல்முருகன்_ஈரோடு:
இங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளில் ஒரு நொடி வரும் கரண்ட்டுக்காக இன்னொரு பேட்டரிக்கு அத்தனை பணமா? சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் கிளம்பும் கரண்ட் குறையும். அதோடு பழைய பேட்டரியோடு புதியது சேர்ந்தால் இரண்டும் சமமாகப் பகிராது.

மீனா_பேக்_வேலை:
சமமாகப் பகிராது என்பது உண்மைதான். ஆனால் இரண்டையும் ஒரே வோல்ட்டேஜுக்கு ஏற்றிவிட்டு இணைத்தால், ஒன்று 60, மற்றது 75 என்று போனாலும் 100-க்குள்தானே நிற்கிறது. சாஃப்ட் ஸ்டார்ட்டரில் எனக்குத் தயக்கம் உண்டு. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் கிளம்பும் கரண்ட்டைக் குறைத்தால் கிளம்பும் விசையும் குறையும். ஆழமான போர்வெல் என்றால் மோட்டார் முனகிக்கொண்டே நின்றுவிடலாம். அண்ணா, உங்களுடையது போர்வெல்லா, சம்ப்பிலிருந்து மாடி டேங்க்குக்கா?

செந்தில்_திண்டுக்கல்:
சம்ப்பிலிருந்துதான், இரண்டு மாடி உயரம்.

வேல்முருகன்_ஈரோடு:
அப்படியென்றால் ஸ்டார்ட்டர் போதும் என்பேன். தாராளமாகக் கிளம்பும்.

மீனா_பேக்_வேலை:
கிளம்பலாம். வாங்கும் முன் கடைக்காரரிடம் உங்கள் மோட்டாரிலேயே ஒருமுறை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், அப்போது ஆப்பில் ஆம்ப் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அடுப்பு ஓடும்போது 100-க்குக் கீழ் நின்றால் வேல்முருகன் சார் வழி. நிற்கவில்லை என்றால் என் வழி.