பிள்ளைக்கென்று பள்ளியில் போடும் தனிக் கல்வித் திட்டமான ஐ.இ.பி.யில் '80 சதவீதம்' என்று எழுதினார்கள். எதில் 80?

கயல் அம்மா
ஐ.இ.பி. கூட்டம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, மனசு ஆறவில்லை. பையனுக்கு ஏழு வயது. "அம்மா பாப்பா சோறு குடுத்தா" என்பான், 'பாப்பாவுக்கு' வராது. போன வருஷ இலக்கு: 'க்கு உருபை 80 சதவீதம் சரியாகச் சொல்வான்.' இந்த முறை அதற்கு நேரே டிக் போட்டிருந்தார்கள். எப்படி என்று கேட்டேன். டீச்சர் ஒரு அட்டையை நீட்டி "பொம்மை யாருக்கு?" என்றார். கேட்டுவிட்டு அவர் உதடு சத்தமில்லாமல் 'பாப்பாவு...' என்று குவிந்தது. இவன் அந்த உதட்டையே பார்த்தபடி "பாப்பாவுக்கு" என்றான். "பாருங்க மேடம், சரியாச் சொல்றான்."

செல்வம்
டீச்சரைக் குறை சொல்லாதீர்கள். நானும் சிறப்பாசிரியர்தான். சதவீதமும் தேதியும் இருந்தால் அது அளக்கக்கூடிய இலக்கு. நான் எல்லாப் பிள்ளைக்கும் 80தான் போடுகிறேன்.

மதுரை தெரபிஸ்ட்
செல்வம் சார், பாதிதான் சரி. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் குழந்தைக்கு ஐந்து அட்டை வைத்தேன். நாலு சரி என்றால் 80. மறுவாரம் இன்னும் ஒன்று தவறினாலே 60. அவளுடைய பாட்டி ஒருநாள், "இங்க சொல்றா, வீட்டுல சொல்லலையே" என்றார். பதிலே இல்லை என்னிடம்.

அப்புறம் அவள் விளையாடும்போது பேசுவதைப் பதிவு செய்து, 'க்கு' கட்டாயம் வரவேண்டிய இடங்களை மட்டும் எண்ணினேன். 20 இடம், வந்தது 4. அங்கிருந்துதான் இலக்கை எழுதினேன்: 'படக்கதை சொல்லும்போது, உதட்டசைவு உட்பட எந்தக் குறிப்பும் இல்லாமல், க்கு வரவேண்டிய 20 இடங்களில் 14இல் சொல்வாள், அடுத்தடுத்த மூன்று பதிவுகளில்.' நாலிலிருந்து ஒரே வருஷத்தில் 16க்குத் தாவுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை, அதனால் 14.

எண்ணும்போது ஒன்று கவனியுங்கள். "ஸ்கூல் போறேன்" என்று நாமே 'க்கு' இல்லாமல்தான் பேசுகிறோம். அதைத் தப்பு என்று எண்ணினால் பிள்ளை பாவம். இன்னொன்று, "யாருக்கு?" என்ற கேள்வியிலேயே விடை ஒளிந்திருக்கிறது. "என்ன நடக்குது?" என்று கேளுங்கள்.

ராஜா_திருப்பூர்
என் மகன் 'க' வரும்போதெல்லாம் திக்குகிறான். இவனுக்கும் படக்கதை வைக்கலாமா?

மதுரை தெரபிஸ்ட்
திக்குவது வேறு சார். அதில் உருபை எண்ணிப் பிரயோஜனமில்லை. தனியாகக் காட்டுங்கள்.

செல்வம்
எனக்கு 26 பிள்ளைகள். ஒவ்வொருத்தர் பதிவையும் உட்கார்ந்து கேட்டு எண்ணுவது யார்?

கயல் அம்மா
நேற்று ராத்திரி சாப்பிடும்போது போனில் பத்து நிமிஷம் பதிவு செய்தேன். வரவேண்டிய இடம் 9, வந்தது 2. அந்த இரண்டிலும் ஒன்று, நான் "யாருக்குடா?" என்று கேட்டபிறகு வந்தது. திங்கட்கிழமை இதை எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த டிக்கை அழிப்பார்களா என்று தெரியவில்லை.