ஸ்வைப் ரசீதில் 6,018, பில்லில் 5,900: வரி எவ்வளவு?

திருவல்லிக்கேணி அச்சுக்கடை
போன மாதம் ரிச்சி தெருவில் டோனர் வாங்கினேன், கிரெடிட் கார்டில். பில்லைப் பைக்குள் எங்கேயோ திணித்துவிட்டேன், இரவு கணக்கு எழுத உட்கார்ந்தபோது கையில் இருந்தது ஸ்வைப் ரசீது மட்டும்தான். 6,018 ரூபாய். டோனருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், நான் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று தெரியும், சரி என்று 6,018-ஐ 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கினேன். வரி 918, மீதி 5,100. பைசா கூட ஒட்டாமல் இப்படி முழு எண்ணாக வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? எழுதி மூடிவிட்டேன்.

இந்த மாதம் 14-ஆம் தேதிக்கு அப்புறம் விற்ற கடைகள் காட்டிய வரி வரும் GSTR-2B-ஐ இறக்கிப் பார்த்தால் அந்தக் கடைப் பெயருக்கு எதிரே 450-ம் 450-ம்தான் இருக்கிறது. 18 ரூபாய் இடித்தது. பையைக் கவிழ்த்துப் பில்லை எடுத்தேன்: 5,000, சிஜிஎஸ்டி 450, எஸ்ஜிஎஸ்டி 450, மொத்தம் 5,900. அப்போதுதான் ஞாபகம் வந்தது, "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா சார்" என்று கல்லாவில் இருந்த பையன் சொன்னதும் நான் தலையாட்டியதும். 5,900-க்கு இரண்டு சதவீதம் 118. அந்த 118-க்குள்ளும் நான் வரியைப் பிரித்து எடுத்திருக்கிறேன்!

18 ரூபாய்க்கா இந்தப் பாடு என்று வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் ஏப்ரலில் இருந்து ரசீதை வைத்துத்தான் எழுதி வருகிறேன், இன்னும் எத்தனை இருக்கிறதோ. உங்களில் யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

மயிலாப்பூர் தையல்கடை
நீங்கள் 118-ஆல் வகுத்ததே பெரிது அண்ணா. முதல் வருடம் நான் மொத்தத் தொகைக்கே 18 சதவீதம் போட்டுக்கொண்டிருந்தேன், 5,900 என்றால் வரி 1,062 என்று. ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது எல்லா ரசீதையும் 118-ஆல் வகுத்துவிடுவேன். கார்டுக்கென்று தனியாக எதுவும் வாங்காத கடை என்றால் அது எப்போதும் சரியாக வரும்.

அண்ணா நகர் பேக்கரி
ஆமாம் சார், எனக்கும் இதே தலைவலி. நாள் முழுக்க மெஷினில் தேய்த்ததைக் கூட்டினால் ஒரு தொகை, மறுநாள் கணக்கில் விழுவது அதைவிடக் குறைவு. கமிஷன், கமிஷனுக்கு ஜிஎஸ்டி என்று பிடித்துக்கொள்கிறார்கள்.

அம்பத்தூர் கணக்கர்
பேக்கரிக்காரரே, நீங்கள் சொல்வது விற்கும் பக்கம். அந்த வரி பேங்க் தரும் இன்வாய்ஸில் தனியாக இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். தம்பி கேட்பது வாங்கும் பக்கம்.

தையல்கடைக்கு: எப்போதும் வராதும்மா. எங்கள் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் ஒரு கடையில் உதிரிபாகம் வாங்கி 3,540 கார்டில் கட்டினார்கள். வகுத்துப் பார்த்தால் 3,000-ம் 540-ம், அதுவும் அழகாகத்தான் வந்தது. பில்லைப் பார்த்தால் தலைப்பே பில் ஆஃப் சப்ளை. காம்போசிஷனில் இருக்கும் கடை, வரி வசூலிக்கவே கூடாது. அந்த 3,540-ம் பொருளின் விலைதான், 2B-யில் அப்படி ஒரு பதிவே இல்லை. எடுத்த 540-ஐத் திருப்ப வேண்டியதாயிற்று.

இன்னொருவர் பெங்களூரு லாட்ஜில் தங்கியதற்குச் சரியாகப் பில் வாங்கி வந்தார், சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி எல்லாம் அதில் இருந்தது. ஆனால் அது கர்நாடகத்து எஸ்ஜிஎஸ்டி. சென்னைப் பதிவை வைத்துக்கொண்டு இரண்டையுமே எடுக்க முடியாது, முழுத் தொகையும் செலவுதான். ரசீதை எத்தனை தடவை வகுத்தாலும் இது தெரியப்போவதில்லை.

நான் செய்வது இதுதான்: வரியைப் பில்லில் இருந்து மட்டும் எழுதுவேன், கட்டிய தொகையை ரசீதில் இருந்து எழுதுவேன், இடையில் விழும் வித்தியாசத்துக்குத் தனித் தலைப்பு. தம்பி கணக்கு இப்படி வரும்:

```
கொள்முதல் (டோனர்)     5,000
சிஜிஎஸ்டி                450
எஸ்ஜிஎஸ்டி               450
கார்டு கூடுதல்            118
---------------------------
கிரெடிட் கார்டு         6,018
```

அப்புறம் கார்டு பில் கட்டும்போது இதை மறுபடி செலவில் ஏற்றிவிடாதீர்கள். அது கார்டுக் கடனைத் தீர்ப்பது, அவ்வளவுதான். ஒரே டோனர் இரண்டு தடவை ஏறிய கணக்கை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மயிலாப்பூர் தையல்கடை
சார், எனக்கு 2B-யில் பாதிக் கடைகள் வருவதே இல்லையே?

அம்பத்தூர் கணக்கர்
கவுண்டரில் உங்கள் ஜிஎஸ்டி நம்பரைச் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் உங்களைச் சாதாரண வாடிக்கையாளராகத்தான் பில் போடுவார்கள். சொல்லியும் வரவில்லை என்றால் அந்தக் கடை இன்னும் ரிட்டர்ன் போடாமல் இருக்கலாம்.

திருவல்லிக்கேணி அச்சுக்கடை
சார், அந்த 118-ஐயும் கடை பில்லுக்குள் கொண்டுவந்து வரி போட்டிருக்க வேண்டாமா?

அம்பத்தூர் கணக்கர்
பொருளுக்காக வாங்கிய பணம்தான் அதுவும், பில்லில் வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. திருத்திய பில் கேட்டுப் பாருங்கள்.

அண்ணா நகர் பேக்கரி
118 ரூபாய்க்குப் பில்லைத் திருத்துவார்களா சார்? பேசாமல் செலவில் எழுதிவிட்டுப் போகலாம்.

திருவல்லிக்கேணி அச்சுக்கடை
இப்போதுதான் போன் போட்டேன். அதே பையன்தான் எடுத்தான். "அடுத்த தடவை யுபிஐ-ல போட்ருங்க சார்" என்று வைத்துவிட்டான்.