விடுபட்ட ஓட்டங்களைச் சேர்த்து ஒரே தடவை ஓட்டுவதற்கு என்ன சொல்?

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் மென்பொருள் ஒன்றைத் தமிழாக்குகிறேன். புதன்கிழமை ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு திரையில் உள்ள இரண்டு தெரிவுகளைத் தவிர.

சர்வர் சில மணி நேரம் படுத்துக் கிடந்து எழுந்தால், இடையில் ஓடியிருக்க வேண்டிய ஓட்டங்களை என்ன செய்வது என்று அந்தத் திரை கேட்கிறது. ஒன்று, விடுபட்டதை எல்லாம் ஒவ்வொன்றாக ஓட்டுவது. மற்றது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவை ஓட்டுவது. இரண்டாவதன் பெயர் நிரலில் `coalesce`. முதலாவதற்கு ‘நிலுவை ஓட்டம்’ என்று வைத்திருக்கிறேன். இரண்டாவதற்கு ஒரு சொல் தாருங்கள். பொத்தானில் அடங்க வேண்டும்.

இரா. எழுதியது:

செ. அவர்களுக்கு, சொல் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. செய்யுள் விகாரம் ஆறில் விரித்தலும் தொகுத்தலும் இருக்கின்றனவே. ஒவ்வொன்றாக ஓட்டினால் விரித்தல், ஒன்றாக்கி ஓட்டினால் தொகுத்தல். ‘விரியோட்டம்’, ‘தொகையோட்டம்’. இணைச்சொற்களாகவும் அமைந்துவிடும்.

‘நிலுவை’ எனக்கு உவப்பில்லை. நில் என்ற வேரிலிருந்து வந்த நல்ல சொல்தான், ஆனால் கணக்குப் புத்தக வாடை அடிக்கிறது. ‘எச்சம்’ என்றால் தொல்காப்பியத்தின் எச்சவியல் வரை தொடர்பு போகும்.

மு. எழுதியது:

ஐயா, ‘எச்ச ஓட்டம்’ என்று திரையில் போட்டால் வகுப்பில் என் மாணவர்கள் முதலில் பறவையைத்தான் நினைப்பார்கள். தொகையோட்டம் என்றால் பணம் அனுப்புவது என்று நினைப்பார்கள். ‘சேர்த்து ஓட்டு’ என்றால் யாருக்குப் புரியாது?

வே. எழுதியது:

இந்தத் தொல்லை எனக்கும் உண்டு. இணையம் போய்விட்டால் நான் அனுப்பிய அஞ்சல்கள் வெளிப்பெட்டியில் தேங்கிக்கொள்ளும். வந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் போய்ச் சேரும். இதற்கு ‘தேக்க விடுப்பு’ என்று சொல்லலாமே, அணையைத் திறப்பது போல.

கு. எழுதியது:

வே. ஐயா, நீங்கள் சொல்வது வேறு. உங்கள் அஞ்சல்கள் எழுதப்பட்டு வரிசையில் காத்திருக்கின்றன. இங்கே அஞ்சல் எழுதப்படவே இல்லை, எழுத வேண்டிய வேலையே ஓடவில்லை. சும்மா `cron` மட்டும் இருந்தால் அது எழுந்த பிறகு எதையும் தேடிப் பிடிக்காது, போனது போனதுதான்.

சொல்லைத் தேர்வதற்கு முன் நான் பராமரித்த ஒன்றைச் சொல்கிறேன். மணிக்கொரு தடவை புதிய அறிவிப்புகளைத் திரட்டி 400 பேருக்கு அஞ்சல் அனுப்பும் வேலை அது. இரவு 11 மணிக்குச் சரியாக ஓடியது. 11.20க்கு சர்வர் விழுந்தது, காலை 6.40க்குத்தான் எழுந்தது. அறிவிப்புகள் சேரும் தரவுத்தளம் வேறு இயந்திரத்தில் இருந்ததால் அங்கே இரவு முழுக்கப் புதியவை சேர்ந்துகொண்டிருந்தன. விடுபட்டவை 12 மணி முதல் 6 மணி வரை ஏழு ஓட்டங்கள். ஒவ்வொன்றாக ஓட்டினால் 2800 அஞ்சல்கள், சில நிமிடங்களுக்குள். ஆளுக்கு ஏழு. அதனால் சேர்த்து ஓட்டும் தெரிவைப் போட்டு வைத்திருந்தோம். ஆளுக்கு ஒன்றுதான் போனது. நிம்மதியாக இருந்தோம்.

பிறகுதான் தெரிந்தது, அந்த ஒரு அஞ்சலில் 5.40க்குப் பின் வந்த அறிவிப்புகள் மட்டுமே இருந்தன. எங்கள் நிரல் ‘இப்போதிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு வரை’ என்று தேடியது. முந்தைய ஆறு மணி நாற்பது நிமிட அறிவிப்புகள் யாருக்கும் போகவில்லை. அடுத்து 7 மணி ஓட்டம் 6 மணியிலிருந்து தேடியதால் 6க்கும் 6.40க்கும் இடைப்பட்டவை இரண்டு தடவை போயின. பிழைச் செய்தி எதுவும் கிடையாது. எல்லா ஓட்டமும் பச்சை.

ஓட்டங்களைச் சேர்ப்பது கருவியின் வேலை, காலத்தைச் சேர்ப்பது நம் வேலை. இப்படி மாற்றினோம்:

```
since = last_success_at
until = now()
items = find(created_at > since, created_at <= until)
```

அஞ்சல் போன பிறகுதான் `last_success_at` நகர வேண்டும். `until` நேரத்துக்கே நகர வேண்டும், வேலை முடிந்த நேரத்துக்கு அல்ல.

மு. எழுதியது:

நான் `systemd` பயன்படுத்துகிறேன். `Persistent=true` என்று போட்டால் விடுபட்டது எத்தனை ஆனாலும் எழுந்ததும் ஒரே தடவை ஓட்டிவிடும். அதிலேயே தீர்ந்துவிடுகிறதே?

கு. எழுதியது:

ஒரே தடவை ஓட்டும் என்பது சரி. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று உங்கள் நிரலுக்கு அது சொல்லாது. என் கதையில் நடந்தது அப்படியே உங்களுக்கும் நடக்கும்.

இரா. எழுதியது:

கு. எழுதியதைப் படித்ததும் உட்கார முடியவில்லை. தொகை என்பதற்கு உரையாசிரியர்கள் இரண்டு பொருள் சொல்கிறார்கள். உருபு மறைவதால் தொகை என்பது ஒன்று. பல சொற்கள் பிளவுபடாமல் ஒரு சொல் போல நிற்பதால் தொகை என்பது மற்றொன்று. சேனாவரையர் இரு சாராரையும் குறிப்பிடுகிறார். கு. வீட்டுச் சர்வரில் நடந்தது முதல் வகை: ஏழில் ஆறு மறைந்துவிட்டது. திருத்திய பிறகு நடப்பது இரண்டாம் வகை: ஏழும் ஒன்றாக நிற்கின்றன. ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது. தொகையோட்டத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை.

நி. எழுதியது:

ஐயா, அதே காரணத்துக்காகத்தான் அந்தச் சொல் வேண்டாம் என்கிறேன். பயனர் எந்தத் ‘தொகை’ என்று எப்படி அறிவார்?

இன்னொன்று. அஞ்சல் அனுப்பும் வேலை பாதியில், 150ஆவது ஆளில் நின்றால்? `last_success_at` நகரவில்லை, மறுபடி ஓட்டினால் முதல் 150 பேருக்கு இரட்டிப்பு. அதனால் நாங்கள் ஆள் வாரியாகக் குறித்து வைக்கிறோம், இவருக்கு இந்த நேரம் வரை போய்விட்டது என்று. அனுப்பியதற்கும் குறித்ததற்கும் இடையில் விழுந்தால் அப்போதும் ஒருவருக்கு இரட்டிப்பு வரலாம். அதை முழுதாக ஒழிக்க எங்களால் முடியவில்லை.

அப்புறம், எல்லா வேலையையும் சேர்க்கவும் கூடாது. மணிவாரி அறிக்கை தயாரிக்கும் வேலைக்கு ஏழு அறிக்கையும் தனித்தனியாக வேண்டும். அங்கே ஏழு ஓட்டத்தையும் ஓட்டிவிட்டு, அஞ்சலை மட்டும் ஒன்றாக்க வேண்டும். காலை 5 மணிக் கூட்டத்துக்கான நினைவூட்டலை 6.40க்கு அனுப்பவே கூடாது, அதைத் தள்ளிவிட வேண்டும்.

செ. எழுதியது:

நன்றி. நாளை புதன். ‘ஒவ்வொன்றாக ஓட்டு’, ‘சேர்த்து ஒரே தடவை ஓட்டு’ என்று போடுகிறேன். பெரும்பாலானவர்கள் அதன் பக்கம்தான். கீழே ஒரு வரி குறிப்புக்கு இடம் இருக்கிறது: ‘விடுபட்ட காலத்தின் தரவை உங்கள் நிரலே எடுக்க வேண்டும்’ என்று எழுதுகிறேன். மூலத்தில் அந்த வரி இல்லை, சேர்க்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

இரா. எழுதியது:

பொத்தானுக்கு அது போதும். கலைச்சொல் பட்டியலில் தொகையோட்டம் என்றும் இருக்கட்டும். பெயர்ச்சொல் தேவைப்படும் இடத்தில் ‘சேர்த்து ஒரே தடவை ஓட்டுதல்’ என்று எத்தனை முறை எழுதுவீர்கள்?

நி. எழுதியது:

பட்டியலில் போட்டாலும் கேள்வி இருக்கிறது, ஐயா. தொகுவது ஓட்டமா, அஞ்சலா? அதைப் பிரிக்காமல் நான் வாக்களிக்கமாட்டேன்.