கால் முன்னெலும்பில் சிவந்த கட்டிகள்: யாருக்காவது வந்திருக்கிறதா?

பாலர்பள்ளி டீச்சர், சுங்கை சிப்புட்:
பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் எழுந்தால் இரண்டு முழங்காலுக்கும் கீழே, முன்பக்க எலும்பின் மேல், சிவந்த கட்டிகள். வலதில் நான்கு, இடதில் மூன்று. ஐம்பது காசு அளவு, தொட்டால் சூடு. கைலி உரசினால்கூட வலி. லேசான காய்ச்சல், கணுக்காலும் வலித்தது. மாமியார் தைலம் தேய்த்துவிட்டார், அன்றிரவு தூங்கவில்லை. பட்டணத்து கிளினிக் ஒன்றில் தோல் கிருமி என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஐந்து நாள் சாப்பிட்டும் இன்னும் இரண்டு கட்டி கூடின.

அப்புறம் அரசாங்க கிளினிக் போனேன். அந்த டாக்டர் காலைப் பார்த்ததைவிடக் கேள்விதான் அதிகம் கேட்டார். ஒரு மாதத்துக்குள் தொண்டை வலி வந்ததா? என்ன மாத்திரை சாப்பிடுகிறேன்? இருமல், எடை குறைவு, நாள்பட்ட வயிற்றுப்போக்கு? எனக்குத் தொண்டை வலி வந்து மூன்று வாரம். கருத்தடை மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம். இதில் எது காரணம்?

செம்பனைக்காரன்:
தங்கச்சி, எனக்கும் வந்தது. ஓலை குத்திய வலது காலில் மட்டும் சிவந்து, மேலே மேலே ஏறியது. ஊசி போட்டு மூன்று நாளில் அடங்கிவிட்டது. பயப்படாதே.

தாப்பா அக்கா:
இது டிபிதான். என் தம்பி மனைவிக்கு அப்படியே வந்தது. இருமலே இல்லை. கையில் போட்ட டிபி சோதனை ஊசி கொப்புளமாகவே வந்துவிட்டது, எக்ஸ்ரேயில் நுரையீரல் நடுவே நெறி கட்டியிருந்தது. ஆறு மாதம் மாத்திரை, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். இன்று நன்றாக இருக்கிறாள். இந்தக் கட்டி வந்தால் டிபி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற தோட்டத்து டிரசர்:
அண்ணே, உங்களுக்கு வந்தது வேறு. ஒரு காலில் புண்ணைச் சுற்றிப் பரவினால் அது கிருமி. டீச்சருக்கு வந்தது இரண்டு காலிலும், உடையாமல், சீழ் வைக்காமல், உள்கொழுப்பில் வீங்கும் கட்டி. எரிதீமா நோடோசம் என்பார்கள். கட்டியில் கிருமி இருக்காது. வேறெங்கோ நடந்ததற்கு உடம்பு காட்டும் கோபம் அது. அதனால்தான் ஆன்டிபயாடிக்குக் கேட்கவில்லை.

அக்கா, டிபியை விடாமல் தேடுவது சரி, நம் ஊரில் கட்டாயம் தேட வேண்டும். ஆனால் கட்டி வந்தாலே டிபி என்பது இல்லை. தொண்டைக் கிருமி அதைவிடச் சாதாரணம். சல்ஃபா மாத்திரை, பெனிசிலின், கருத்தடை மாத்திரை, கர்ப்பம், நாள்பட்ட குடல் அழற்சி, சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் எல்லாம் பட்டியலில் உண்டு. எவ்வளவு தேடினாலும் பாதிப் பேருக்குக் காரணம் கிடைக்காது. டீச்சர், என்ன சோதனை செய்தார்கள்?

பாலர்பள்ளி டீச்சர்:
எக்ஸ்ரே சுத்தம், ஐயா. கையில் போட்ட டிபி சோதனை ஊசி மூன்றாம் நாள் 8 மில்லிமீட்டர் வீங்கியிருந்தது, அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தொண்டைக் கிருமிக்கான ரத்தச் சோதனை, ஏ.எஸ்.ஓ., 400 வந்தது. இரண்டு வாரம் கழித்தும் அதே 400.

ஓய்வுபெற்ற தோட்டத்து டிரசர்:
ஏறியிருந்தால் தொண்டை என்று தைரியமாகச் சொல்லலாம். அசையாமல் நிற்கிறதே! பாலர் பள்ளியில் நாள் முழுக்க இருமும் பிள்ளைகளோடு இருப்பவருக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம். அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

சிம்மோர் தம்பி:
ஐயா, அம்மாவின் ஆஸ்துமாவுக்கு வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கிறது. என் அக்காவுக்கும் இதே கட்டி. நாலு நாள் கொடுத்தால் வற்றிவிடுமா?

ஓய்வுபெற்ற தோட்டத்து டிரசர்:
வற்றும், அதுதான் ஆபத்து. உள்ளே டிபி இருந்தால் கட்டி மறையும், நோய் பரவும். எக்ஸ்ரே பார்க்காமல் தொடாதே. காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல். வலி மாத்திரைகூட அவருடைய வயிறும் கிட்னியும் தாங்குமா என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, அக்காவுக்குக் கட்டி முன்னாலா, ஆடுசதையிலா? ஆடுசதையில் வந்து உடைந்து புண்ணானால் அது வேறு கதை. அதற்கும் டிபிக்கும் நெருங்கிய உறவு, உடனே காட்டணும்.

சிம்மோர் தம்பி:
பின்னால்தான், ஐயா. ஒன்று உடைந்திருக்கிறது. நாளைக்கே கூட்டிப் போகிறேன்.

பாலர்பள்ளி டீச்சர்:
எனக்கு ஐந்து வாரத்தில் அடங்கியது. சிவப்பு ஊதாவாகி, அடிபட்ட இடம்போல் மஞ்சளும் பச்சையுமாகிப் போயிற்று, தழும்பில்லை. கருத்தடை மாத்திரையை டாக்டர் சொல்லி நிறுத்தி வேறு முறைக்கு மாறிவிட்டேன். மாத்திரை போனதால் அடங்கியதா, தானாகவே அடங்கியிருக்குமா, டாக்டரும் சொல்லவில்லை. திரும்பச் சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று சிரித்தார். அந்தப் பரீட்சைக்கு எனக்குக் கால் இல்லை. ஆகஸ்டில் இன்னொரு எக்ஸ்ரே இருக்கிறது. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.