சீனிப் பாகின் நிறப் பதங்களுக்குப் பெயர்கள்: வைக்கோல் நிறம் முதல் அடர் செம்பழுப்பு வரை

மடல் 1: உணவகக் கல்விப் பாடநூலை மொழிபெயர்ப்பவர்

அன்புடையீர், கேரமல் காய்ச்சும்போது சர்க்கரைப் பாகின் நிறத்தைக் கொண்டு நான்கு நிலைகளைப் பிரிக்கிறார்கள். நம்மிடம் கம்பிப் பதம், உருட்டுப் பதம் போன்ற நல்ல சொற்கள் உள்ளன. ஆனால் அவையெல்லாம் விரலால் தொட்டு அறிபவை. நீர் வற்றி நிறம் ஏறத் தொடங்கிய பின், தொடவே முடியாத சூட்டில், கண்ணால் மட்டும் அறியும் நிலைகளுக்குப் பெயர் வேண்டும். வைக்கோல் பதம், தேன் பதம், பழுப்பு மஞ்சள் நிறப் பிசினான அம்பரின் பெயரால் அம்பர் பதம், ஆழ் அம்பர் பதம் என முன்மொழிகிறேன்.

மடல் 2: கும்பகோணத்தில் பலகாரம் செய்பவர்

சர்க்கரைப் பாகுக்கு நிறம் பார்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினால், கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது கரையாமல் விரலில் உருண்டு திரள்கிறதா என்றே பார்ப்போம். கரைத்தவுடனேயே பாகு செம்பழுப்பாக இருக்கும்போது அதில் வைக்கோல் நிறம் எங்கிருந்து வரும்?

மடல் 3: யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை

ஐயா சொல்வது வெல்லப் பாகு. கேள்வி வெள்ளைச் சீனியைப் பற்றியது. எங்கள் ஊரிலும் சர்க்கரை என்றால் வெல்ல வகைதான் நினைவுக்கு வரும். ஆகவே இத்தொகுப்பில் ‘சீனிப் பாகு’ என்றே எழுதினால் குழப்பம் குறையும். தேன் பதமும் எனக்கு ஒப்பவில்லை. தேன் வெளிர் மஞ்சளிலிருந்து கருமை வரை பல நிறங்களில் கிடைக்கிறது; மாணவி எந்தத் தேனை மனத்தில் கொள்வாள்? அம்பர் என்பதும் நாட்டு மருத்துவத்தில் திமிங்கலத்திலிருந்து கிடைக்கும் மீனம்பரைக் குறிக்கும்.

மடல் 4: வேதிப் பொறியாளர்

நிறம் ஆளுக்கு ஆள் மாறித் தெரியும். 160, 170, 180 பாகை செல்சியஸ் என்று எண்ணையே பதத்தின் பெயராக்கினால் விவாதமே வேண்டாமே.

மடல் 5: கோவையில் பேக்கரிப் பயிற்சி தருபவர்

மேலே சொன்ன எண்கள் வெறும் சீனிக்கு ஏறத்தாழச் சரி. ஆயினும் பெயராக நிற்கா. சீனி மீண்டும் படிகமாகிப் பூத்துப் போகாமலிருக்கப் பலரும் சில துளி எலுமிச்சைச் சாறு விடுகிறார்கள். அந்தப் புளிப்பு சீனியின் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைக்கிறது; பிரக்டோஸ் மிகக் குறைந்த சூட்டிலேயே நிறம் கொள்வதால், எண்ணுக்கு முன்பே நிறம் வந்துவிடும். பாகு ஆழமின்றி இருந்தால் வெப்பமானியின் முனை முழுமையாக மூழ்காமல் அளவும் பிழைக்கும்.

புட்டிங்குக்கு 200 கிராம் சீனியை 60 மில்லி நீரில் கரைத்துக் கொதிக்க விடுவதை எடுத்துக்கொள்வோம். நீர் இருக்கும்வரை சூட்டின் பெரும்பகுதி அதை ஆவியாக்கவே செலவாகும். பாகு 150 பாகையை எட்டும்போதும் பெரும்பாலும் நிறமற்றே இருக்கும். பிறகு ஓரத்தில் வைக்கோல் நிறம் தோன்றும். அதற்குப்பின் ஆவியாக்க நீர் இல்லாததால் பாகு விரைந்து சூடேறும்; பொன்னிறமும் செம்பழுப்பும் அடுத்தடுத்து வந்துவிடும். ஓரம் மட்டும் கருக்காமலிருக்கப் பாத்திரத்தைச் சுழற்ற வேண்டும். கரண்டியால் கிளறினால் பூத்துவிடக்கூடும். மெல்லிய புகை எழும்பும்போது இனிப்புக் குறைந்து கசப்பு ஏறியிருக்கும். அடுப்பை அணைத்தாலும் கனத்த அடிப்பாத்திரம் தன் சூட்டால் நிறத்தை மேலும் ஒரு படி கொண்டுபோகும். ஆகவே விரும்பும் நிறத்துக்குச் சற்று முன்பே இறக்கி, பாத்திரத்தின் அடியைக் குளிர்ந்த நீரில் வைக்கிறோம்.

என் கருத்தில், பெயரைவிட முதலில் முடிவுசெய்ய வேண்டியது நிறத்தை எங்கே பார்ப்பது என்பதே. பாத்திரத்தில் அரை அங்குல ஆழத்தில் அடர்ந்து தெரியும் பாகு, வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டாக விடப்பட்டால் வெளிறித் தெரியும். கருத்த அடியுள்ள பாத்திரத்தில் வைக்கோல் நிறம் தெரியவே தெரியாது. ‘வெள்ளைத் தட்டில் விட்ட சொட்டு’ என்ற குறிப்பு ஒவ்வொரு பதத்தின் விளக்கத்திலும் இடம்பெற வேண்டும்.

மடல் 6: மொழிபெயர்ப்பவர்

மிக்க நன்றி. சீனிப் பாகு என்பதையும் சொட்டுக் குறிப்பையும் ஏற்கிறேன். வைக்கோல் பதம், பொன் பதம், செம்பழுப்புப் பதம், அடர் செம்பழுப்புப் பதம் எனத் திருத்துகிறேன்.

மடல் 7: யாழ்ப்பாண ஆசிரியை

முதல் மூன்றும் நன்று. கடைசிப் பெயர் கசப்பு ஏறும் எல்லையை உணர்த்தவில்லை. ‘கசப்போரப் பதம்’ என்பது நாவையும் எச்சரிக்கும்.

மடல் 8: கோவைப் பயிற்சியாளர்

நாவால் அறிவது சூடு தணிந்த பின்னரே. அடுப்பின் முன் நிற்பவருக்குக் கண்ணே துணை என்பதால் நிறப் பெயரையே நான் விரும்புவேன். ஆனால் புகை எழும்பும் தொடக்கத்தைக் குறிக்கும் சொல் கிடைத்தால் இரண்டையும்விட அது பொருந்தும். யாரேனும் முன்மொழியலாம்.