கலைச்சொல்: இரண்டு வகை மருந்துக்கும் ஒரே 'தடுப்பான்' போதுமா?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். எனலாப்ரில், ராமிப்ரில் வகைக்கும் லோசார்ட்டன், வால்சார்ட்டன் வகைக்கும் வரைவில் 'ஆஞ்சியோடென்சின் தடுப்பான்' என்றே இருக்கிறது. சிக்கல் இந்த வரியில்: "சக்யூபிட்ரில்–வால்சார்ட்டன் தொடங்கும் முன் தடுப்பானை நிறுத்தி 36 மணி நேரம் காத்திருக்கவும்." எந்தத் தடுப்பானை?

மருந்தியல் ஆசிரியர்:
எனலாப்ரில் வகையை மட்டும். அது முடக்கும் நொதிக்கு இரண்டு வேலைகள். ஒன்று ஆஞ்சியோடென்சினை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றுவது. மற்றது பிராடிகைனினைச் சிதைப்பது. நொதி முடங்கினால் பிராடிகைனின் தேங்கும். வறட்டு இருமல் வருவதற்கும், சிலருக்கு உதடும் நாக்கும் திடீரென வீங்குவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். சக்யூபிட்ரில் முடக்கும் நெப்ரிலைசினும் பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியே. இரண்டையும் ஒரே நேரத்தில் முடக்கினால் தொண்டை வீங்கி மூச்சே அடைக்கலாம். 36 மணி நேரம் அதற்காகத்தான்.

லோசார்ட்டன் நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டும் ஏற்பியை மறித்து நிற்கிறது. அதை எடுத்தவர் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வேளை லோசார்ட்டனுக்குப் பதில் புதிய மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து மட்டும் போடக்கூடாது, புதியதிலேயே வால்சார்ட்டன் இருக்கிறது.

ஆகவே நொதியைத் தாக்குவதற்கு 'முடக்கி', ஏற்பியிலோ வழியிலோ நிற்பதற்கு 'மறிப்பி' என்று பிரிக்கலாம். 'வழிமறித்தான்' என்று பேச்சிலேயே சொல்கிறோமே. பீட்டா மறிப்பி, கால்சியம் வழி மறிப்பி எல்லாம் தானாகப் பொருந்திவிடும்.

மருந்தாளுநர்:
அருமை. அப்படியானால் விதியே பெயரில் வந்துவிடுகிறது: இரண்டு முடக்கிகள் சேரக்கூடாது, முடக்கியும் மறிப்பியும் சேரலாம்.

மருந்தியல் ஆசிரியர்:
அப்படி எழுதிவிடாதீர்கள், இரண்டு பாதியும் தவறு. ஸ்டாட்டினும் நொதி முடக்கிதான். எனலாப்ரிலோடு தினமும் கொடுக்கிறோம். மறுபுறம், எனலாப்ரிலும் லோசார்ட்டனும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் பாதிக்கப்படும். அந்தச் சேர்க்கையைத் தவிர்க்கவே சொல்கிறார்கள். மருந்து எங்கே வேலை செய்கிறது என்பதைத்தான் பெயர் சொல்லும். எதோடு சேரும் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வாசகர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அம்மா அம்லோடிபின் எடுக்கிறார், மாலையில் கணுக்கால் வீங்குகிறது. நீங்கள் சொல்லும் வீக்கம் இதுதானா?

செவிலியர்:
இல்லைங்க. அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கிறது, சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. அதனால் நுண்குழாயில் அழுத்தம் கூடி, நீர் காலில் இறங்குகிறது. அளவு கூடினால் வீக்கமும் கூடும். நீர் மாத்திரைக்கு அவ்வளவாக வடியாது. ஆனால் கால் வீக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றது முகம், உதடு, நாக்கில் வரும். உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியது. கையேட்டில் இரண்டையும் வெறும் 'வீக்கம்' என்று எழுதினால் இதே குழப்பம்தான் வரும். 'கால் வீக்கம்', 'முகம்–நாக்கு வீக்கம்' என்று உறுப்பைச் சேர்த்தே எழுதுங்கள்.

இன்னொன்று. இதயச் செயலிழப்பு முற்றினாலும் இருமல் வரும். படுத்தால் கூடுகிறதா, மூச்சுத்திணறலும் எடை ஏற்றமும் கூடவே இருக்கிறதா என்று பார்க்காமல் மாத்திரையைக் குறை சொல்லக்கூடாது. மருந்தால் வந்த இருமல் நிறுத்திய அன்றே போகாது. பெரும்பாலும் 1 முதல் 4 வாரம் ஆகும்.

யாழ்ப்பாண ஆசிரியர்:
எங்கட பாடநூல்களில் நொதியம், வாங்கி, நிரோதி என்றுதான் வரும். 'முடக்கி' என்றால் பிள்ளைகளுக்கு முடக்குவாதம் நினைவுக்கு வராதா? அதோடு எனலாப்ரில் முடக்கும் நொதியை 'ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி' என்பதையும் திருத்த வேணும். மாற்றுவழி போல, வேறொரு நொதி என்றல்லவா படுகிறது? 'மாற்றும் நொதியம்' என்றால் தெளிவு.

மருந்தியல் ஆசிரியர்:
'மாற்றும்' சரி, ஏற்கிறேன். 'நிரோதி' தமிழக நோயாளிக்குப் புரியாது என்பதே என் தயக்கம். கர்ப்பம் பற்றிய வரியிலும் வகைப்பெயரை மட்டும் நம்பாதீர்கள். "மறிப்பிகள் கூடாது" என்று எழுதினால், கர்ப்பிணிக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் லபெட்டலாலும் நிபெடிபினும் அதில் அடிபட்டுப்போகும். கூடாதவை எனலாப்ரில் வகை, லோசார்ட்டன் வகை, சக்யூபிட்ரில்–வால்சார்ட்டன். அவை சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுத்து பனிக்குட நீரைக் குறைக்கும்.

மொழிபெயர்ப்பாளர்:
அந்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாற்றுநொதி முடக்கி எடுத்தவர் கடைசி மாத்திரையிலிருந்து 36 மணி நேரம் கழித்தே தொடங்க வேண்டும். திங்கள் இரவு 8 மணிக்குக் கடைசி என்றால் புதன் காலை 8 மணிக்கு முதல் வேளை. லோசார்ட்டன் போன்ற ஏற்பி மறிப்பி எடுத்தவருக்கு இந்த இடைவெளி வேண்டாம்."

யாழ்ப்பாண ஆசிரியர்:
வரி நல்லம். ஆனால் 'மாற்றுநொதி' திரும்பவும் வந்துவிட்டதே.