புதுப்பிப்பு: லாட்ஜ் புக்கிங் சாட்பாட், ரெண்டு வாரத் திட்டம்

முதல்ல நான் இங்கே கேட்டது: "வண்ணாரப்பேட்டையில 12 ரூம் லாட்ஜ், குடும்பமா நடத்துறோம். வாட்ஸப் பாட்டை ரெண்டு வாரத்துல எப்படி இறக்கறது?"

முதல் வாரம் பாட் வாடிக்கையாளர் கண்ணுல படாது. பழைய வாட்ஸப் கேள்விகளை, எழுத்துப்பிழையோட அப்படியே அதுக்கு அனுப்பிப் பார்க்கிறோம். இது இங்கே ஹோட்டல் மென்பொருள் செய்யும் அண்ணன் சொன்ன வழி. பெரிய ஓட்டை அதுலதான் தெரிஞ்சது. வெள்ளி ராத்திரி 12:40க்கு "naalaikku kaalaila 4 mani" என்று வந்தால், ரயிலில் வருகிறவர் சொல்வது சனி விடியற்காலை. பாட்டுக்கு அப்போதே சனி பிறந்துவிட்டதால் ஞாயிறுக்குப் போடுகிறது.

"இன்று, நாளை பட்டன் வெச்சா போதும்" என்றார் ஒருத்தர். பாதி சரி, பட்டனில் கிழமையும் தேதியும் இருக்கணும், இல்லாவிட்டால் அதே குழப்பம்தான்.

இன்னொன்று, நம்மது 24 மணி நேரக் கணக்கு. சனி விடியற்காலை 4 மணிக்கு வந்தவர் ஞாயிறு விடியற்காலை 4 வரை இருப்பார். தேதியை மட்டும் பார்க்கும் பாட் ஞாயிறு விடியற்காலை 1 மணிக்கே அந்த ரூமை விற்றுவிடும். வெளியேறும் நேரத்தோட சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் சேர்த்துப் பூட்டணும்.

இரண்டாம் வாரம் பகலில் மட்டும் திறப்பு. பாட் கோரிக்கை வாங்கும், உறுதி செய்வது கவுன்ட்டர். போன் புக்கிங்கை உடனே பாட் பார்க்கும் அதே காலண்டரில் ஏற்றுவதுதான் பயிற்சியில் முக்கியம். நைட் ஷிஃப்ட்டுக்குத் தனியா, அவங்க நேரத்துலயே.

ஈ.சி.ஆர்.ல ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா இங்கே கேட்ட அட்வான்ஸ் ரீஃபண்ட்? அதுக்கு இன்னும் வழி பிடிபடலை.